நாற்பது வேலியும் திருநீற்று மதிலும்

'சாதி ஒழிப்பு' என்பதை ஓர் ஆல்பத்தின் கருவாக வைக்க முடியாது. இதை எழுதினால் நமது தோழர்கள் சிலருக்குக் கோபம் வரும் என்று தெரியும். அது நமது அரசியல், நமது வாழ்க்கை, அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஆறு பாட்டுகளை ஒன்றோடொன்று கட்டி நிறுத்தும் கயிறாக அதைப் பயன்படுத்த முடியாது. அவ்வளவு பெரிய சொல்லுக்குள் எந்தப் பாட்டும் அடங்கிவிடும். எல்லாம் அடங்குகிற இடத்தில் எதையும் விலக்க முடியாது. எதையும் விலக்க முடியாத கரு பாட்டு எழுத உட்கார்ந்தவருக்கு ஒரு உதவியும் செய்யாது.

திருவானைக்காவல் பக்கம் மாலை நேரப் படிப்பு மையம் நடத்தும் நாங்கள் இதைப் பற்றி யோசிக்க நேர்ந்தது, மையத்துக்கு வந்து வளர்ந்த ஐந்து பேர் ஒரு இசைக்குழு தொடங்கியதால். இருவர் பறை, ஒருவர் கிட்டார், ஒரு பெண் பாடுகிறார், இன்னொரு பெண் ராப் எழுதுகிறார். கொள்ளிடக் கரைப் பக்கம் ஒரு வீட்டின் மொட்டை மாடியில் பயிற்சி. முதல் வெளியீடே தனித்தனிப் பாட்டாக இல்லாமல் ஒரே கருவில் தொடரும் பாட்டுகளாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை. அதற்கு அவர்கள் கொண்டுவந்த தலைப்புதான் 'சாதி ஒழிப்பு'. பறையடிப்பு, ஆணவக்கொலை, இட ஒதுக்கீடு, மாட்டுக்கறி, மலக்குழி மரணம், அம்பேத்கர் என ஆறு பாட்டுக்கு ஆறு பொருள் தயாராக இருந்தது.

பட்டியலைப் பார்த்ததும் எங்களுக்கு 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' நினைவுக்கு வந்தது. 2018 ஜனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் அவர்கள் முதல் மேடை ஏறியபோது அந்த மேடைக்குத் தேவைப்பட்டது அதுதான். இட ஒதுக்கீட்டுக்கு ஒரு பாட்டு, மாட்டுக்கறிக்கு ஒரு பாட்டு என்று ஒவ்வொன்றும் ஒரு வழக்கறிஞர் வாதம் போல எழுந்து நின்றது. அந்தப் பாட்டுகளைக் கட்டியது குழுவின் பெயரும், கானாவும் பறையும் ராக்கும் ஒரே மேடையில் நின்ற காட்சியும். அதை ஒரு தொகுப்பு என்று சொல்லலாம், தொடர்ச்சி என்று சொல்ல முடியாது. அவர்களும் அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை. 19 பேர் சேர்ந்து முதன்முறையாகச் செய்ததை, ஆறு ஆண்டுகள் கழித்து மொட்டை மாடியில் ஐந்து பேர் திரும்பச் செய்தால் நகலாகத்தான் மிஞ்சும்.

தொடர்பாட்டு என்பது மேற்கிலிருந்து வந்த சரக்கு என்று குழுவில் ஒருவர் சொன்னார். திருவானைக்காவலில் உட்கார்ந்துகொண்டு அப்படிச் சொல்லக் கூடாது. முத்துசாமி தீட்சிதர் பஞ்சபூதத் தலங்கள் ஐந்துக்கும் ஒவ்வொரு கீர்த்தனை செய்தார். நீருக்கு உரியது இந்த ஊர்தான், ராகம் யமுனா கல்யாணி. காளமேகம் 'திருவானைக்கா உலா' பாடினார். உலா என்றால் வீதியில் பவனி வருபவரைப் பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவத்துப் பெண்கள் பார்த்து மயங்குவது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இங்குள்ள அகிலாண்டநாயகி மேல் பிள்ளைத்தமிழ் பாடினார். பத்துப் பருவம், பருவத்துக்குப் பத்துப் பாட்டு. ஐந்து பூதம், ஏழு வயது, பத்துப் பருவம் என்று சட்டகம் முன்கூட்டியே இருக்கிறது. எழுதுபவர் அதை நிரப்புகிறார். (உலா வந்த வீதிகளில் எந்தத் தெருவுக்குத் தேர் திரும்பவில்லை என்று கேட்டால் அதுவே வேறு ஓர் ஆல்பம். அதை இன்னொரு குழு எடுத்துக்கொள்ளட்டும்.)

இந்தச் சட்டகத்தில் ஒரு வசதி உண்டு, ஒரு குறையும் உண்டு. ஐந்தில் ஒன்றை உருவிவிட்டாலும் மீதி நான்குக்குக் காயம் படாது. ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போக வேண்டிய கட்டாயம் கேட்பவருக்கு வராது. எங்கள் குழுவின் ஆறு தலைப்புகளும் அப்படித்தான் இருந்தன. 'மூணாவது பாட்டைத் தூக்கிட்டா நாலாவது பாட்டுக்கு என்ன ஆகும்?' என்று கேட்டோம். 'ஒண்ணும் ஆகாது' என்றார் ராப் எழுதுபவர். அங்கேயே பிடிபட்டது.

அடுத்து அவர்கள் கதைக்குப் போனார்கள். கதை என்றதும் தமிழில் நம் மக்களை நடுவில் வைத்த பெரிய பாட்டுத் தொடர் ஒன்றுதான் உடனே முன்னால் வந்து நிற்கும். கோபாலகிருஷ்ண பாரதியாரின் 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை', 19ஆம் நூற்றாண்டுத் தஞ்சை வட்டாரத்தில் எழுந்தது. அதைத் திட்டுவதற்கு நமக்கு ஆயிரம் காரணம் இருக்கிறது. ஆனால் ஒரு கரு எப்படித் தொடராக விரிகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான பாடம் கிடைக்காது. ஆகவே குழுவோடு அமர்ந்து இரண்டு வாரம் அதைப் பிரித்துப் பார்த்தோம்.

சுந்தரரின் திருத்தொண்டத் தொகையில் நந்தனுக்குக் கிடைத்தது ஒரு தொடர் மட்டும். நம்பியாண்டார் நம்பியிடம் அது ஓர் அந்தாதிப் பாட்டு ஆகிறது. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் அதை நாற்பதுக்கும் குறைவான பாட்டுகளில் ஒரு வரலாறாகச் சொல்கிறார். ஆதனூர், தோலும் வாரும் நரம்பும் கொடுக்கும் தொண்டு, திருப்புன்கூரில் விலகும் நந்தி, நாளைக்குப் போவேன் என்று தள்ளிப்போகும் தில்லைப் பயணம், கடைசியில் நெருப்பு. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சேக்கிழாரிடம் நந்தனைத் தடுப்பதற்கு ஒரு ஆள் இல்லை. தடை நந்தனுக்குள்ளேயே இருக்கிறது. தன் குலத்தை நினைத்துத் தானே தயங்குகிறார். அமைப்பு எப்படி மனதுக்குள் போய் உட்காருகிறது என்பதற்கு இது சரியான விவரிப்பு என்று சமூகவியல் வகுப்பில் நாங்கள் பேசியதுண்டு. ஆனால் இரவு முழுக்கக் கதாகாலட்சேபம் செய்ய அது போதாது. மேடையில் தயக்கத்தை எத்தனை தரம் பாடுவது?

பாரதியார் செய்த காரியம் என்னவென்றால், ஒரு வேதியரைக் கொண்டுவந்தார். நந்தனுக்கு ஆண்டை. பெரியபுராணத்தில் இல்லாத ஆள். அவர் வந்ததும் பாட்டுகளுக்கு வேலை வந்துவிட்டது. நந்தன் அனுமதி கேட்கிறார், ஆண்டை மறுக்கிறார். மறுபடி கேட்கிறார், மறுபடி மறுப்பு. ஒவ்வொரு முறை கேட்கும்போதும் நந்தன் முன்பு கேட்ட அதே ஆளாக இல்லை. பயந்து கேட்டவர் கெஞ்சிக் கேட்கிறார், கெஞ்சிக் கேட்டவர் பித்துப் பிடித்தவராகக் கேட்கிறார். சேரிப் பெரியவர்களும் எதிர்ப்பதாக வைத்தார் பாரதியார். இதெல்லாம் நமக்கு வேண்டாத வேலை, ஊரைப் பகைத்துக்கொள்ளாதே என்கிற குரல். எங்கள் தெருவில் இன்றும் கேட்கிற குரல் அது. இப்படி ஒரே கேள்வி மூன்று பேரிடம் மோதித் திரும்புகிறது. கீர்த்தனை, கண்ணி, சிந்து என்று வடிவமும் மாறிக்கொண்டே போகிறது. வாதாடுகிற இடத்தில் ஒரு மெட்டு, நடக்கிற இடத்தில் ஒரு மெட்டு. 'கரு' என்று சொன்னால் எங்கள் மனதில் இப்போது இதுதான் இருக்கிறது. பதில் கிடைக்காத ஒரே கேள்வி, அதைத் திரும்பத் திரும்பக் கேட்கும்போது கேட்பவரில் ஏற்படும் மாற்றம்.

இங்கே ஒரு கிளைக்கதை. இந்த நூலுக்குச் சிறப்புப்பாயிரம் கேட்டு பாரதியார் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் நடையாய் நடந்தார் என்று உ.வே.சாமிநாதையர் எழுதியிருக்கிறார். இலக்கணப் பிழைகள் இருப்பதால் பிள்ளை தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். ஒருநாள் பாரதியார் அவர் வீட்டில் காத்திருந்தபோது பாடியதைக் கேட்டு உருகிப்போய்ப் பாயிரம் கொடுத்தாராம். 'வந்துக்கினு', 'போவச்சொல்ல' என்பதையெல்லாம் எழுத்தில் திருத்தலாமா என்று எங்கள் குழுவில் நடந்த சண்டை இந்தக் கதையோடு முடிந்தது. திருத்தவில்லை.

சரி, கட்டுமானம் பிரமாதம். விழும் இடம் எங்கே? ஆண்டை ஒரு நிபந்தனை போடுகிறார். நாற்பது வேலி நிலத்தின் வேலையை முடித்துவிட்டுத் தில்லைக்குப் போ என்கிறார். ஒரு வேலி ஏறத்தாழ 6.6 ஏக்கர். நாற்பது வேலி என்றால் 260 ஏக்கருக்கு மேல். பண்ணையாள் முறை என்றால் என்ன என்று இதைவிடத் துல்லியமாக யாரும் ஒரு கதைக்குள் வைத்ததில்லை. உன் பக்தி எனக்குப் பிரச்சினை இல்லை, உன் கைகள் ஒரு நாள் இல்லாமல் போவதுதான் பிரச்சினை என்கிறார் அந்த ஆண்டை. பாரதியார் பிராமணர். ஆனால் பக்கத்து வயல்களில் நடப்பதைப் பார்த்த கண் அவருக்கு இருந்தது.

இந்த இடத்தில் கதை என்ன செய்ய வேண்டும்? அந்த வேலையைப் பாட வேண்டும். செய்தது என்ன? ஓர் இரவில் இறைவன் அருளால் வயல் விளைந்து நிற்கிறது. 260 ஏக்கர் உழைப்பு ஒரு அற்புதத்துக்குள் காணாமல் போய்விட்டது. ஆண்டை நந்தனின் காலில் விழுகிறார், நந்தன் நெருப்பில் இறங்குகிறார். நெருப்பைப் பற்றி நம்மவர்கள் நிறையப் பேசியிருக்கிறோம், பேசவும் வேண்டும். ஆனால் தொடர்பாட்டு என்ற அளவில் அது முறிந்தது நெருப்பில் இல்லை, அந்த வயலில் என்பது எங்கள் வாசிப்பு. கேள்வியை எழுப்பிய கரு, பதில் சொல்ல வேண்டிய பாட்டில் கையை விட்டுவிட்டது. அதற்குப் பிறகு வருவதெல்லாம் வேறு ஒரு கரு.

இன்னொன்றும் நடந்தது. தொடரிலிருந்து தனியே பிரிந்த கீர்த்தனைகள் சபா மேடைகளுக்குப் போயின. வாசலில் நின்று வரலாமா என்று கேட்கிற மாஞ்சி ராகப் பாட்டு இன்று கச்சேரியில் உருக்கமான பக்திப் பாட்டு. யார் கேட்கிறார், யார் கதவை மூடி வைத்தார் என்பது கூடவே வருவதில்லை. பாட்டு மட்டும் உள்ளே போய்விட்டது, கேட்ட ஆள் வெளியிலேயே நிற்கிறார். 1942இல் ஜெமினி எடுத்த படத்தில் தண்டபாணி தேசிகர் பாடியதைக் கேட்டு எங்கள் தாத்தாக்கள் அழுதிருக்கிறார்கள். அந்த அழுகையை நாங்கள் கேலி செய்யவில்லை. ஆனால் தொடரிலிருந்து ஒரு பாட்டு கழன்றால் அதன் அரசியலும் கழன்றுவிடும் என்பது இன்று ஸ்பாட்டிஃபையில் வெளியிடுகிறவர் முன்கூட்டியே யோசிக்க வேண்டிய விஷயம்.

அறிவு இதை யோசித்திருக்கிறார் என்று தோன்றுகிறது. 2021இல் 'எஞ்ஜாய் எஞ்சாமி' உலகம் முழுக்கப் போனது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போய்த் திரும்பிய அவரது பாட்டி வள்ளியம்மாளின் நினைவிலிருந்து வந்த பாட்டு அது. அதே ஆண்டு ஒரு பத்திரிகை அட்டையில் அறிவு இல்லாமல் போனதும், பா. ரஞ்சித் அதைக் கேட்டதும், பிறகு அறிவுக்குத் தனி அட்டை வந்ததும் எல்லாருக்கும் தெரிந்த கதை. 2024இல் அவர் தன் ஆல்பத்துக்கு வைத்த பெயர் 'வள்ளியம்மா பேராண்டி'. பாட்டியின் பெயர், அவளுக்கு இவர் என்ன உறவு என்பது, இரண்டும் தலைப்பிலேயே இருக்கின்றன. எந்தப் பாட்டைத் தனியே பிய்த்து எங்கே போட்டாலும் அந்த உறவுமுறை கூடவே போகும். கருவை ஒரு கருத்தாக வைக்காமல் ஓர் ஆளாக வைப்பதில் உள்ள பலம் இதுதான்.

குழுவினர் உடனே 'நாங்களும் எங்க பாட்டியப் பாடுறோம்' என்றார்கள். ஐந்து பேருக்கு ஐந்து பாட்டி. மறுபடி பட்டியல். தனி ஒருவரின் ஆல்பத்துக்கு ஒரு பாட்டி போதும், குழுவுக்கு எல்லாரும் சேர்ந்து நிற்கிற ஓரிடம் வேண்டும்.

அந்த இடம் தினமும் அவர்கள் சைக்கிளில் தாண்டிப் போகிற ஒன்றாக இருந்தது. ஜம்புகேசுவரர் கோயிலின் வெளிச்சுற்று மதிலுக்குத் 'திருநீற்று மதில்' என்று பெயர். அதைக் கட்டியபோது இறைவனே சித்தராக வந்து மேற்பார்த்தார், வேலையாட்களுக்குக் கூலியாகத் திருநீற்றைக் கொடுத்தார், அது அவரவர் உழைப்புக்கு ஏற்றபடி பொன்னாக மாறியது என்பது கதை. ஊரில் எல்லாருக்கும் தெரியும். கைடுகள் சுற்றுலாப் பயணிகளுக்குச் சொல்வார்கள். பறை வாசிக்கும் பையன் ஒருவன்தான் முதலில் கேட்டான்: 'அப்ப சாயங்காலம் கைல வெறும் சாம்பலை வாங்கிட்டு வீட்டுக்கு நடந்தவன் என்ன நெனச்சிருப்பான்?'

நாற்பது வேலியில் பாரதியார் கைவிட்ட கேள்வி இது. அங்கே அற்புதம் உழைப்பை மறைத்தது, இங்கே அற்புதம் கூலியை மறைக்கிறது. 'உழைப்புக்கு ஏற்றபடி' என்ற தொடரில்தான் முழுக் கருவும் இருக்கிறது. யாருடைய உழைப்பு எவ்வளவு என்று அளந்தது யார்? குறைவாக உழைத்தவருக்குச் சாம்பல் சாம்பலாகவே நின்றது என்றால், அன்று கைக்குழந்தைக்குக் காய்ச்சல் கண்டு பாதி நாள் மட்டும் கல் சுமந்தவள் எந்தக் கணக்கில் வருவாள்? கதை அவர்களைச் சோம்பேறி என்று சொல்லாமல் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. கூலி கிடைக்காதவர் மேலேயே பழியைப் போடுகிற கதை இது.

ஆறு பாட்டு, மொத்தம் 22 நிமிடம் என்று திட்டம். ஆறுக்கு மேல் போனால் முதல் முறை செய்பவர்களால் ஒரே தரத்தில் பதிவு செய்ய முடியாது. நான்குக்குக் கீழே போனால் கேள்வி ஒருமுறைதான் கேட்கப்படும், திரும்பி வராது. ஒவ்வொரு பாட்டும் ஒரு வேலை, ஒரு குரல். முதலாவது கல். எல்லாரும் சேர்ந்து பாடும் சுமைக்காரர் குரல். இரண்டாவது சுண்ணாம்பு. பழைய கட்டட வேலைகளில் கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் ஊற்றிச் சுண்ணாம்பு இடிப்பார்கள், அந்த உலக்கை விழும் இடைவெளியே தாளம், பாடுவது ஒரு பெண். மூன்றாவது தண்ணீர். கருவறைக்குள் நீர் கசியும் கோயிலின் மதிலைக் கட்டுகிறவர் குடிக்கத் தண்ணீர் கேட்கிறார். நான்காவது அளவு. சித்தரே பேசுகிறார், இதுதான் ராப். ஐந்தாவது, சாம்பல் மாறாத ஒருவரின் குரல். ஆறாவது இன்று.

'கூலி' என்ற சொல் முதல் மூன்று பாட்டிலும் வரக் கூடாது என்று நாங்களே ஒரு விதி வைத்தோம். வேலையை மட்டும் பாட வேண்டும். நான்காவதில் சித்தர் வாயிலிருந்துதான் அந்தச் சொல் முதன்முதலாக வரும். எழுதிப் பார்த்தபோது இந்த விதி சிரமமாக இருந்தது. முதல் பாட்டின் பல்லவியே 'கூலி' என்று தொடங்கியிருந்தது. அதை எடுத்ததும் பல்லவிக்குத் தேவையான எல்லாச் சொல்லும் கல், தோள், சும்மாடு, வெயில் என்று கைக்குப் பட்டதாக மாறியது. கரு சரியாக இருக்கிறதா என்று பார்க்க இது ஒரு நல்ல சோதனை. கருவின் பெயரைச் சொல்லாமல் மூன்று பாட்டு நிற்க முடியவில்லை என்றால் அந்தக் கரு இன்னும் முழக்கமாகத்தான் இருக்கிறது.

இசையில் கட்டுவதற்கு ஒரே ஒரு பறை அடியை எடுத்துக்கொண்டார்கள். ஆறு எண்ணிக்கையில் ஓடும் ஓர் அடி. கல்லில் நடை வேகத்தில் வரும், சுண்ணாம்பில் பாதி வேகம், தண்ணீரில் பறை நின்று கிட்டாரின் கீழ்த்தந்தியில் அதே அடி, அளவில் இரட்டிப்பு. முதல் மூன்றும் ஒரே சுருதி, இடைவெளி இல்லாமல் ஒன்றில் ஒன்று கலக்கும். நான்காவதில் சுருதி இறங்கும். கேட்பவருக்குக் காரணம் தெரியாது, ஏதோ தரை தாழ்ந்தது போல இருக்கும், அது போதும்.

பதிவில் வந்த சிக்கல் தோலில் வந்தது. பறையைக் காய்ச்சினால்தான் சத்தம். ஏசி அறையில் சிறிது நேரத்திலேயே தோல் தளர்ந்து சுருதி இறங்கிவிடும். ஸ்டுடியோவுக்குள் தீ மூட்ட விட மாட்டார்கள். செயற்கைத் தோல் போட்டுத் திருகாணி வைத்த பறையை வாடகைக்கு எடுக்கலாம் என்றார் ஒலிப்பதிவாளர். சுருதி நிற்கும், ஆனால் ஓரத்தில் அடிக்கும்போது வரும் கரகரப்பு போய்விடும். கடைசியில் பறை முழுவதையும் மொட்டை மாடியில், வைக்கோல் தீ பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் காய்ச்சி, முதலில் பதிவு செய்தார்கள். கிட்டாரும் குரலும் பிறகு அதன்மேல் ஏறின. மதிலைப் பற்றிய ஆல்பத்தில் கொள்ளிடக் காற்றும் ஒரு நாயின் குரலும் இரண்டாம் பாட்டில் இருக்கின்றன. எடுக்கச் சொல்லவில்லை.

கோயில் கதையைச் சொல்லும் ஒரு மூதாட்டியின் குரலைப் பாட்டுகளுக்கு நடுவே வைக்க விரும்பினார்கள். இருபது விநாடித் துண்டுகள். தனித் துண்டாக வெளியிட்டால் சிக்கல். ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி ஓடினால்தான் ஒரு முறை கேட்டதாகக் கணக்கு. ஓராண்டில் ஆயிரம் முறை கேட்கப்படாத பாட்டுக்கு அங்கே பணமும் இல்லை. ஆக இருபது விநாடித் துண்டு கணக்கிலேயே வராது. பாட்டின் தொடக்கத்தில் ஒட்டினால், தனியே கேட்பவர் பேச்சைக் கேட்டதும் தள்ளிவிட்டுப் போவார். ஆகவே பாட்டின் முடிவில் ஒட்டினோம். பாட்டு முடிந்ததும் பாட்டியின் குரல் அடுத்த பாட்டுக்கு வழி சொல்லிவிட்டுப் பாதியில் நிற்கும். யாராவது ஒரு பாட்டை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் அந்தக் குரல் கூடவே போகும். கச்சேரிக்குப் போன நந்தன் பாட்டுக்கு நடந்தது இதற்கு நடக்க வேண்டாம்.

எங்களுக்கு உண்மையான தலைவலி ஆறாவது பாட்டு. இன்றைய கூலி. பாடும் பெண்ணின் அம்மா ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர். அவருடைய நாள், அவர் வாங்கும் பணம், அதில் பிடிக்கிற பிடித்தம் எல்லாவற்றையும் மகள் பாட்டாக எழுதிவிட்டார். நல்ல பாட்டு, ஆறில் சிறந்தது. அம்மாவிடம் பாடிக் காட்டியபோது அவர் கேட்டார்: 'ஏம்மா, இதைக் கேட்டா காண்ட்ராக்டருக்கு யாருன்னு தெரியாமப் போயிடுமா?' மகள் அழுதார். இது நம்ம உண்மை, இதைச் சொல்லாமல் எதைச் சொல்வது என்றார். அம்மா, 'உன் உண்மையச் சொல்லு, என் வேலைய விட்டுடு' என்றார்.

கள ஆய்வில் நாங்கள் தினமும் செய்கிற வேலைதான் இது. ஒருவர் வாழ்க்கையை எழுதும்போது அவரைக் கண்டுபிடிக்க முடியாதபடி எழுதுவது. ஆனால் பாட்டில் அது கடினம், விவரம்தான் பாட்டின் உயிர். நான்கு தெருவில் வேலை செய்யும் நான்கு பெண்களிடம் பேசி, அவர்கள் சம்மதித்த விவரங்களை மட்டும் கலந்து எழுதச் சொன்னோம். நேரம் மாறியது, தெருப் பெயர் போனது, தொகை போனது. தொகை போனதில் பாட்டு இளைத்தது என்று மகள் இன்னும் சொல்கிறார், அவர் சொல்வது சரி. பதிலுக்கு வேறு ஒன்று வந்தது. பிடித்தம் எதற்கு என்று கேட்டபோது மேஸ்திரி சொல்வதாக நான்கு பேரும் தனித்தனியே ஒரே பதிலைச் சொன்னார்கள், ஒழுங்காக வேலை செய்தவர்களுக்கு முழுசாக வரும் என்று. நான்காம் பாட்டில் சித்தர் சொல்வதும் அதே வாக்கியம்தான். எழுதியது யாரும் இல்லை, அதுவாக வந்து விழுந்தது.

கதை சாமியைப் பற்றியது, யாராவது பிரச்சினை செய்வார்களா என்ற பயமும் இருக்கிறது. வரிகளை வழக்கறிஞர் தோழர் ஒருவரிடம் காட்டியிருக்கிறோம். சித்தரைத் திட்டும் ஒரு வரியை ராப் எழுதுபவரே எடுத்துவிட்டார். பயத்தினால் எடுக்கவில்லை. சித்தர் தன் அளவுகோலை நியாயமானது என்று நம்பிப் பேசினால்தான் பாட்டு உறைக்கும் என்று சொன்னார். ஆண்டையை முட்டாளாகக் காட்டாத பாரதியாரிடம் கற்றதாகவும் சொன்னார்.

ஐந்து பாட்டு முடிந்துவிட்டது. ஐந்தாவது, அந்தச் சாம்பல் பாட்டு, இன்னும் நிற்கிறது. அவர் வீட்டுக்குப் போய் மனைவியிடம் பேசுகிறாரா, மறுநாள் மதிலுக்குத் திரும்பி வருகிறாரா என்று குழு இரண்டாகப் பிரிந்திருக்கிறது. பறை வாசிக்கிற பையன் மட்டும் மூன்றாவதாக ஒன்று சொல்கிறான்: அவர் அந்தச் சாம்பலைக் கொண்டுபோய்ப் பாத்திரம் தேய்த்திருப்பார். அதற்கு மெட்டு போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.